ஒரே பாதை, இரண்டு கேள்விகள்: ஷேடரில் மாண்டல்பல்பை வரைதல்

மாண்டல்பல்ப் என்னும் முப்பரிமாண ஃபிராக்டலைத் திரையில் வரைய முனையும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் தடை, அதன் மேற்பரப்புக்குச் சமன்பாடு எதுவும் இல்லை என்பதே. ஒரு கோளத்தையோ கூம்பையோ கதிர் எங்கே தொடுகிறது என்பதை இருபடிச் சமன்பாடு ஒன்றைத் தீர்த்துக் கண்டுவிடலாம். மாண்டல்பல்பிலோ ஒரு புள்ளியைக் கொடுத்தால் அது உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று மட்டுமே சூத்திரம் சொல்லும். அதையும் பலமுறை சுழற்றிப் பார்த்த பிறகுதான் சொல்லும். முக்கோணங்களாக வெட்டி அடுக்கலாம் என்றால், எவ்வளவு நெருங்கினாலும் புதிய மடிப்புகள் முளைக்கும் பரப்பை எத்தனை முக்கோணங்களும் நிரப்பா.

இந்தத் தடையைத் தாண்ட உதவுவது, 'இந்தப் புள்ளியிலிருந்து மேற்பரப்பு குறைந்தது எவ்வளவு தொலைவில் இருக்கிறது' என்ற கேள்வி. அதற்கு நம்பத்தக்க விடை கிடைத்தால், கதிர் அந்தத் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கலாம். அந்த ஆரமுள்ள கோளத்துக்குள் எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரியும். சேர்ந்த இடத்தில் மீண்டும் கேட்டு, மீண்டும் கடந்து, விடை மிகச் சிறியதாகும்போது பரப்பைத் தொட்டுவிட்டதாகக் கொள்ளலாம். ஜான் ஹார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1989-ல் முப்பரிமாண ஜூலியா கணங்களை வரைய இவ்வழியைக் கையாண்டனர். 1996-ல் ஹார்ட் அதைப் பொதுமுறையாக விரித்தெழுதினார். டேனியல் வைட், பால் நைலாண்டர் ஆகியோரின் முயற்சியால் மாண்டல்பல்ப் இன்று நாம் அறிந்த வடிவத்தை எட்டியது 2009-ல். ஒவ்வொரு பிக்சலின் கதிரும் மற்றவற்றைச் சாராமல் நடப்பதால், கிராஃபிக்ஸ் அட்டையில் ஓடும் ஷேடருக்கு இந்த வேலை இயல்பாகவே பொருந்துகிறது.

எல்லாம் அந்த விடை நம்பத்தக்கதா என்பதைப் பொறுத்திருக்கிறது. விடை எங்கிருந்து வருகிறது என்பதை இருபரிமாண மாண்டல்பிராட் கணத்தில் பார்ப்பதே எளிது. ஏனெனில் அங்கே உண்மையான தொலைவு சில இடங்களில் நமக்கு முன்பே தெரியும்.

மாண்டல்பிராட் கணத்தில் `c` என்ற கலப்பெண்ணை எடுத்து, சுழியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி `c`-யைக் கூட்டுகிறோம். இப்படிக் கிடைக்கும் எண்களின் வரிசையே அப்புள்ளியின் சுற்றுப்பாதை. பாதை எல்லையின்றி விரிந்தால் புள்ளி வெளியே இருக்கிறது. பாதையோடு கூடவே இன்னோர் எண்ணையும் சுமந்து செல்வோம்: `c`-யைச் சற்றே நகர்த்தினால் இப்போதைய `z` எவ்வளவு நகரும் என்று சொல்லும் வகைக்கெழு. அதன் விதி எளியது: பழைய வகைக்கெழுவை `2z`-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்ட வேண்டும். வெளியே உள்ள புள்ளிக்கு, தப்பியோடும் வேகத்தின் மடக்கையிலிருந்து ஒருவகை 'உயரம்' பெறலாம். கணத்தின் விளிம்பில் அவ்வுயரம் சுழி, விலக விலகக் கூடும். மலைச்சரிவில் நிற்பவர் தம் உயரத்தைச் சரிவால் வகுத்தால் அடிவாரம் ஏறத்தாழ எவ்வளவு தொலைவு என்று கிடைப்பதுபோல, இந்த உயரத்தை அதன் சரிவால் வகுத்தால் விளிம்புக்கான தொலைவு மதிப்பாகக் கிடைக்கிறது. சுருக்கிய பின் மிஞ்சுவது `|z| · ln|z| / |dz|`; இதில் `dz` என்பது கூடவே சுமந்துவந்த வகைக்கெழு. நடைமுறையில் இதன் பாதியைப் பயன்படுத்துகிறோம்.

ஏன் பாதி என்பதற்கு ஒரு புள்ளியை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். `c = -2.5` என்று கொள்க. மாண்டல்பிராட் கணம் முழுவதும் ஆரம் 2 உள்ள வட்டத்துக்குள் அடங்கும்; இடப்பக்கம் நீளும் அதன் ஊசிமுனை சரியாக -2-ல் முடிகிறது. ஆகவே உண்மையான தொலைவு 0.5 என்பதில் ஐயமில்லை. முதல் சுழற்சியில் `z` -2.5, வகைக்கெழு 1. இரண்டாவதில் 3.75, -4. மூன்றாவதில் 11.5625, -29. நான்காவதில் ஏறத்தாழ 131.19, -669.6. ஒவ்வொரு நிலையிலும் சூத்திரத்தின் பாதியை எடுத்தால் முறையே 1.145, 0.620, 0.488, 0.478 என்று வருகிறது. அதன்பின் மதிப்பு அசையவில்லை.

இந்த நான்கு எண்களும் இரண்டு பாடங்களைச் சொல்கின்றன. முதலாவது, 'வெளியேறிவிட்டது' என்று எப்போது முடிவுசெய்கிறோம் என்பது பற்றியது. `|z|` 2-ஐத் தாண்டியதும் புள்ளி தப்பிவிட்டது உறுதி என்பதால் பலரும் அந்த எல்லையையே வைக்கிறார்கள். உள்ளா வெளியா என்று அறிய அது போதும். தொலைவுக்கு அது போதாது: முதல் சுழற்சியிலேயே நிறுத்தினால் 1.145 என்று வருகிறது, உண்மையைவிட இருமடங்குக்கும் மேல். இவ்விடையை நம்பி நகரும் கதிர் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். இருபரிமாணத்தில் எல்லையை 100 அல்லது 1000 அளவில் வைப்பதே தக்கது. சுழற்சி ஒன்றிரண்டு கூடுமே தவிர வேறு செலவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: கைப்பேசி ஷேடர்களில் `mediump` என்று அறிவித்தால் சில கருவிகளில் எண் 16 பிட்டாகிவிடும், அதன் உச்சவரம்பு 65504. `|z|` 256-ஐத் தொட்டாலே வர்க்கம் வரம்பைக் கடந்துவிடுகிறது. `highp` என்று எழுதுவது இங்கே விருப்பத்தைச் சார்ந்ததன்று.

இரண்டாவது பாடம் அந்தப் பாதியைப் பற்றியது. பாதியாக்காமல் விட்டிருந்தால் 0.955 வந்திருக்கும், கதிர் முனையைத் தாண்டியிருக்கும். பாதியாக்கியதால் 0.478 ஆகி, உண்மையான 0.5-க்குச் சற்றே கீழே நிற்கிறது. இது தற்செயலன்று. கோபே 1907-ல் ஊகித்து பீபர்பாக் 1916-ல் நிறுவிய கால்பங்குத் தேற்றத்திலிருந்து, விளிம்புக்கு அருகில் உண்மையான தொலைவு பாதியாக்காத மதிப்பின் பாதிக்கும் இருமடங்குக்கும் இடையே இருக்கும் என்று வருகிறது. ஊசிமுனை அத்தேற்றத்தின் கடைக்கோடி நிலை. பாதி என்னும் கீழ்வரம்பு ஏறத்தாழ முழுதாகத் தேவைப்படும் இடம் அதுவே. மற்ற இடங்களில் பாதி என்பது தேவைக்கு மிஞ்சிய எச்சரிக்கை. கதிர் கூடுதலாகச் சில அடிகள் எடுக்கும், அவ்வளவே.

இப்போது முப்பரிமாணத்துக்கு வருவோம். மாண்டல்பல்பில் புள்ளியைக் கோள ஆயங்களில் எழுதி, ஆரத்தை எட்டாம் அடுக்குக்கு உயர்த்தி, இரு கோணங்களையும் எட்டால் பெருக்கி, தொடக்கப் புள்ளியைக் கூட்டுகிறோம். வகைக்கெழுவின் விதியும் அதற்கேற்ப `8r⁷`-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டுவதாக மாறுகிறது. நிரலில் `r` ஆரம், `dr` அந்த வகைக்கெழு; `trap` நிறத்துக்கானது, அதைப் பின்னால் பார்ப்போம்.

```glsl
float bulb(vec3 p, out vec4 trap) {
  vec3 z = p;
  float dr = 1.0, r = length(z);
  trap = vec4(1e10);
  for (int i = 0; i < 8; i++) {
    if (r > 4.0) break;
    if (i > 0) trap = min(trap, vec4(abs(z), r));
    dr = 8.0 * pow(r, 7.0) * dr + 1.0;
    float th = 8.0 * acos(z.z / r);
    float ph = 8.0 * atan(z.y, z.x);
    z = pow(r, 8.0) * vec3(sin(th) * cos(ph),
                           sin(th) * sin(ph), cos(th)) + p;
    r = length(z);
  }
  return 0.5 * log(r) * r / dr;
}
```

புள்ளி தப்பிவிட்டதாகக் கொள்ளும் எல்லை, அதாவது தப்பெல்லை, இங்கே 4 என்று சிறிதாக இருப்பதைப் பார்த்து மேலே சொன்னதற்கு முரண் என்று எண்ண வேண்டாம். எட்டாம் அடுக்கு மிக விரைவாக எண்களைப் பெருக்குவதால் மதிப்பும் விரைவில் நிலைபெறுகிறது. மையத்திலிருந்து 2 அலகு தள்ளிய புள்ளியில் சுழற்றாமலே கணக்கிட்டால் 0.693, ஒருமுறை சுழற்றினால் ஏறத்தாழ 0.69, மாற்றம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

இருபரிமாணத்தில் இருந்த தேற்றம் இங்கே துணைக்கு வருவதில்லை என்பதே உண்மையான சிக்கல். கலப்பெண்ணை வர்க்கப்படுத்தும்போது ஒரு சிறு வட்டம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு விரிகிறது. அதனால்தான் ஒற்றை எண் வகைக்கெழுவாகப் போதுமானது. மாண்டல்பல்பின் எட்டாம் அடுக்கு அப்படிப்பட்டதன்று. ஆரத் திசையிலும் துருவத்திலிருந்து இறங்கும் திசையிலும் விரிவு `8r⁷` தான்; ஆனால் துருவ அச்சைச் சுற்றிவரும் திசையில் அது `sin 8θ / sin θ` என்ற காரணியால் மேலும் பெருக்கப்படுகிறது. துருவத்தை நெருங்கும்போது இக்காரணி 8 வரை உயரும். அதாவது உண்மையான விரிவு 64 மடங்காக இருக்கும் இடத்தில் நம் `dr` 8 மடங்கு என்று மட்டுமே எழுதிக்கொள்கிறது. வகுக்கும் எண் சிறுத்தால் தொலைவு பெருத்துத் தோன்றும். பெருத்த தொலைவு கதிரைப் பரப்புக்குள் தள்ளிவிடும். படத்தில் கரகரப்போ அரித்தெடுத்தது போன்ற துளைகளோ துருவங்களைச் சுற்றி முதலில் தென்பட்டால், காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். மூன்று திசைகளுக்கும் தனித்தனி வகைக்கெழு சுமந்து, முழு அணியாகவே கணக்கிடலாம். அது துல்லியமானது, ஆனால் செலவு மிகும். பெரும்பாலோர் செய்வது, நகரும் ஒவ்வோர் அடியையும் 0.6 அல்லது 0.7-ஆல் பெருக்கிச் சுருக்குவது. நிறுவப்பட்ட வழியன்று என்றாலும், என் கருத்தில் அதுவே நேரிய சமரசம். தேற்றம் இல்லாத இடத்தில் அடியைச் சுருக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சூத்திரம் பொய் சொல்லும் இன்னோரிடம், பலரும் எதிர்பாராத வகையில், பரப்புக்கு மிகத் தொலைவில் இருக்கிறது. கேமராவை மையத்திலிருந்து 10 அலகு தள்ளி வைத்துப் பாருங்கள். பாதை தொடங்கும்போதே தப்பெல்லையைத் தாண்டிவிட்டதால் `dr` 1-ஆகவே நிற்கிறது, விடை 0.5 × 10 × ln 10, அதாவது ஏறத்தாழ 11.5. மையமே 10 அலகு தொலைவில்தான் இருக்கிறது! முதல் அடியிலேயே கதிர் உருவத்தை முழுவதுமாகத் துளைத்து மறுபக்கம் போய்விடுகிறது. ஆரம் 7.39-க்கு மேல், அதாவது `e²`-க்கு மேல், முதல் அடி எப்போதும் மையத்தைத் தாண்டிவிடும். கேமராவைப் பின்னுக்கு இழுக்க இழுக்க உருவம் நடுவிலிருந்து கரைந்து காணாமல் போகும் விந்தைக்கு இதுவே காரணம். உயரத்தைச் சரிவால் வகுக்கும் உத்தி அடிவாரத்துக்கு அருகில்தான் செல்லுபடியாகும்.

தீர்வு எளிது. ஆரத்தின் ஏழாம் அடுக்கு 2-ஐத் தாண்டினால் புள்ளி கட்டாயம் தப்பிவிடும் என்று ஒரு வரியில் காட்டிவிடலாம். ஆகவே உருவம் முழுவதும் 2-இன் ஏழாம் மூலமான ஏறத்தாழ 1.104 ஆரமுள்ள கோளத்துக்குள் அடங்குகிறது. கதிர் 1.25 ஆரமுள்ள கோளம் ஒன்றை எங்கே சந்திக்கிறது என்று முதலில் பார்த்து, நடையை அங்கிருந்து தொடங்கினால் போதும். கோளத்தைத் தொடாத கதிர்களைச் சுழற்சியே இல்லாமல் ஒதுக்கிவிடலாம் என்பது கூடுதல் ஆதாயம்.

```glsl
for (int i = 0; i < 160; i++) {
  float d = bulb(ro + t * rd, trap);
  if (d < px * t || t > tFar) break;
  t += 0.7 * d;
}
```

`ro`, `rd` கதிரின் தொடக்கப் புள்ளியும் திசையும்; `t` கதிர் கடந்த தொலைவு, `tFar` அதன் உச்சவரம்பு. `px` என்பது ஒரு பிக்சல் அடைக்கும் கோணம். 1080 வரி உயரமுள்ள படத்தில் செங்குத்துப் பார்வைக் கோணம் 45 பாகை என்றால் அது ஏறத்தாழ 0.00077, இரண்டரை அலகு தொலைவில் ஒரு பிக்சல் 0.0019 அலகு அகலத்தை மூடுகிறது. அதைவிட நுண்மையாகப் பரப்பைத் தேடுவதில் பயனில்லை. தேடினால் பிக்சலுக்குள் அடங்காத மடிப்புகள் புள்ளிப் புள்ளியாகச் சிமிட்டும். 160 அடிகளும் தீர்ந்தும் கதிர் எங்கும் சேராமல் நின்றால், அது பெரும்பாலும் உருவத்தின் ஓரத்தை உரசிச் செல்லும் கதிராக இருக்கும். ஓரங்களில் தவறான நிறத்தில் ஒரு தடித்த கோடு தென்படுவது அதன் அடையாளம்.

அடி பெரிதாகிவிட்டதா என்று கண்ணால் ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது மேல். உண்மையான தொலைவுக்கு ஒரு குணம் உண்டு: நாம் ஓரலகு நகர்ந்தால் அது ஓரலகுக்கு மேல் மாறாது. ஒளியூட்டத்துக்குச் செங்குத்துத் திசையைக் காண எப்படியும் அருகருகே உள்ள புள்ளிகளில் `bulb`-ஐ அழைத்து வேறுபாடு எடுக்கிறோம். அந்த வேறுபாட்டைப் புள்ளிகளுக்கு இடையிலான தொலைவால் வகுத்து, கிடைக்கும் திசையனை ஓரலகாக்கும் முன் அதன் நீளத்தைப் பாருங்கள். 1-ஐத் தாண்டும் இடங்களைச் சிவப்பாகத் தீட்டினால் ஐயத்துக்குரிய பகுதிகள் வரைபடம்போலத் தெரியும்.

வடிவம் நின்றுவிட்டது; இனி நிறம். இருபரிமாணப் படங்களில் எத்தனை சுழற்சியில் புள்ளி தப்பியது என்பதை வைத்து நிறமிடுவது பழைய வழக்கம். முப்பரிமாணத்தில் அது ஏன் ஏமாற்றுகிறது என்பது சற்று யோசித்தால் புரியும். திரையில் நாம் காணும் புள்ளிகள் எல்லாமே பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில், `px * t` அளவில், நிறுத்தப்பட்டவை. தப்பும் சுழற்சி எண்ணோ அந்தத் தொலைவையே பெரிதும் சார்ந்தது. ஆகவே பரப்பு முழுவதும் ஏறத்தாழ ஒரே எண் வரும். அதில் ஒன்று கூடுவதும் குறைவதும் பட்டை பட்டையாகத் திட்டுகளை இடும்.

சுற்றுப்பாதை எத்தனை அடி நடந்தது என்று கேட்பதற்கு மாறாக, நடந்த வழியில் குறிப்பிட்ட ஓரிடத்துக்கு எவ்வளவு நெருங்கி வந்தது என்று கேட்பதே ஆர்பிட் ட்ராப் முறை. பாதையில் பொறி ஒன்றை வைத்து, ஒவ்வொரு சுழற்சியிலும் அதற்கான தொலைவை அளந்து, மிகச் சிறியதை மட்டும் நினைவில் கொள்கிறோம். மேலே உள்ள நிரலில் நான்கு பொறிகள் இருக்கின்றன: மூன்று ஆயத் தளங்களும் மையப்புள்ளியும். அவற்றுக்கு ஆகும் செலவு ஒரே ஒரு `min`. தொலைவைக் காண எப்படியும் நடந்தாக வேண்டிய பாதையிடமே நிறத்தையும் கேட்டுவிடுவதால்தான் இம்முறை ஷேடரில் இவ்வளவு மலிவாக இருக்கிறது. மையத்துக்கான பொறி பெரிய திரட்சிகளைப் பிரித்துக் காட்டும். தளங்களுக்கான பொறிகள் நரம்புகளையும் கோடுகளையும் தரும். பொறியை எங்கே நகர்த்தினாலும் வடிவம் இம்மியும் மாறாது என்பதால் அச்சமின்றிச் சோதித்துப் பார்க்கலாம்.

கிடைக்கும் எண்ணை நேரடியாக நிறமாக்கினால் படம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். மதிப்புகள் குறுகிய வீச்சுக்குள் நெருக்கியடித்து நிற்பதே காரணம். முதலில் `trap.w`-ஐ மட்டும் கருப்பு வெள்ளையாகத் தீட்டிப் பார்த்து, எங்கிருந்து எங்குவரை பரவுகிறது என்று கண்டு, அந்த வீச்சை 0 முதல் 1 வரை `smoothstep` கொண்டு விரித்த பிறகே நிறங்களைக் கலக்க வேண்டும். அவசரப்பட்டு நிறத்தட்டில் கைவைப்பவர்கள் கோளாறு நிறத்தில் இருப்பதாக எண்ணி மணிக்கணக்கில் அலைவார்கள்.

நிரலில் பொறி அளக்கும் வரி நிற்கும் இடமும் கவனத்துக்குரியது. `i > 0` என்ற நிபந்தனை இல்லாவிட்டால் பாதையின் முதல் புள்ளியும் கணக்கில் சேரும். அது திரையில் தெரியும் புள்ளியேதான் என்பதால், ஆயத் தளங்கள் உருவத்தை வெட்டும் இடங்களில் நேரான கத்திக்கீறல்கள் தோன்றும். தப்பெல்லைச் சோதனைக்குப் பின்னரே பொறியை அளப்பதற்கும் காரணம் உண்டு: தப்பியோடிய புள்ளி மையத்திலிருந்து வெகுதொலைவில் இருந்தாலும் ஏதேனும் ஒரு தளத்தின்மேல் தற்செயலாக விழலாம், அந்தப் பொருளற்ற நெருக்கம் படமெங்கும் பொடித் தூவலாகத் தெரியும்.

நான் நெடுநேரம் தடுமாறிய பிழை வேறொன்று. `trap`-ஐப் பொது மாறியாக வைத்திருந்தேன். கதிர் பரப்பைத் தொட்ட பிறகு செங்குத்துத் திசைக்காகவும் நிழலுக்காகவும் அதே சார்பை மீண்டும் அழைக்கும்போது, ஒவ்வோர் அழைப்பும் பொறியின் மதிப்பை அழித்து எழுதிக்கொண்டிருந்தது. நிறம் தவறு என்று சொல்ல முடியாத அளவுக்குச் சரியாகவே தோன்றியது. விளக்கை நகர்த்தியபோது உருவத்தின் நிறமும் கூடவே நகர்ந்ததைக் கண்டபின்தான் விழித்துக்கொண்டேன். `out` அளவுருவாக வாங்கி, தொட்ட கணத்தின் மதிப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

பொறியின் மதிப்பு 'மிகச் சிறியது எது' என்று தேர்ந்தெடுப்பதால், ஒரு சுழற்சியிடமிருந்து இன்னொரு சுழற்சிக்குத் தேர்வு மாறும் இடங்களில் நிறச்சரிவு மடிந்து, தையல்போல ஒரு கோடு விழும். இதைப் பிழையாகக் கருதி மழுப்ப முயல்வோரும் உண்டு. எனக்கு அத்தையல்கள் உருவத்தின் உட்கூட்டைக் காட்டுவதாகவே படுகிறது, விட்டுவிடுகிறேன்.

விட்டுவிடக் கூடாத ஒன்று, கேமரா நெருங்கும்போது நிறம் மாறுவது. ஒவ்வொரு சுழற்சியிலும் `r` 1-ஐ ஒட்டி இருந்தால் `dr` ஏறத்தாழ எட்டு மடங்காகிறது, தொலைவு 0.002-க்கு இறங்க `dr` ஆயிரக்கணக்கில் உயர்ந்தால் போதும், அதற்கு நான்கைந்து சுழற்சிகள் போதுமானவை. கேமரா எட்டு மடங்கு நெருங்கினால் பிக்சலின் அளவும் எட்டில் ஒன்றாகிறது, பாதை இன்னும் ஒரு சுழற்சி நீள்கிறது, அந்தப் புதிய சுழற்சி பொறிக்கு மேலும் அருகில் வந்தால் பழைய குறைந்த மதிப்பு கலைகிறது. நிலைப்படத்தில் இது தெரியாது; அசையும் படத்தில் பாறையின் நிறம் நாம் நெருங்க நெருங்கத் தானாகக் கருப்பதுபோல இருக்கும். பொறியை முதல் சில சுழற்சிகளோடு நிறுத்திவிடுவது இதற்குப் போதுமான மருந்து: `if (i > 0 && i < 4)`. தொடக்கச் சுழற்சிகள், பரப்புக்கு மேலே ஒரு பிக்சல் முன்னே நின்றோமா பின்னே நின்றோமா என்பதற்குப் பெரிதாக அசைந்துகொடுப்பதில்லை; அதனால் நிறம் இடத்தோடு ஒட்டி நிற்கிறது, தொலைவில் உள்ள பகுதிகளின் சிமிட்டலும் அடங்குகிறது. வடிவத்துக்கான சுழற்சிகளை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினாலும், இந்த வரி நிற்கும்வரை நிறத்தை மீண்டும் சீரமைக்க வேண்டியதில்லை.